128 ஜிபி, 100 எம்பி: எது உண்மை?

இணையக் கடை ஒன்றில் ஒரு மெமரி கார்டுக்கு இப்படிக் குறிப்பு எழுதியிருந்தார்கள்: "128 ஜிபி, நொடிக்கு 100 எம்பி வரை, 4கே வீடியோவுக்கு ஏற்றது." இதில் எது தப்பு?

கொள்ளளவு தப்பில்லை. கார்டு தயாரிப்பவருக்கு ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸ் 1024 x 1024 x 1024 என்று கணக்குப் போடுவதால் 119 ஜிபின்னு காட்டும். எதுவும் காணாமல் போகவில்லை. ஆனா அந்த 119-ஐயும் பக்கத்திலேயே எழுதியிருந்தால் "மிச்சம் 9 ஜிபி எங்கே?" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சிக்கல் வேகத்தில்தான். அந்த 100 எம்பி படிக்கும் வேகம், அதுவும் "வரை". வீடியோ எடுக்க வேண்டியது எழுதும் வேகம். கார்டின் படத்தை உற்றுப் பார்த்தால் சி எழுத்துக்குள் 10 தெரிகிறது. தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 10 எம்பிக்குக் குறையாது என்பது மட்டுமே அதன் உறுதி. நொடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுக்கும் கேமராவுக்கு, எட்டால் வகுத்தால், 12.5 எம்பி வேணும். பதிவு பாதியில் நின்றுபோனால் கார்டைக் குறை சொல்ல முடியாது. வி30 கார்டு என்றால் 30 எம்பிக்கு உறுதி உண்டு.

நேர்மையான குறிப்பு இப்படி இருந்திருக்கும்: "128 ஜிபி, விண்டோஸில் சுமார் 119. எழுதும் வேகம் குறைந்தது 10 எம்பி. படிக்கும் வேகம் 100 எம்பி வரை."

பென் டிரைவில் இந்தக் குறியும் கிடையாது. அங்கே யுஎஸ்பி 3.0 என்பது இணைப்பின் உச்சவரம்பு மட்டும்தான். எழுதும் வேகத்தை விற்பவரே அளந்து போட்டால்தான் உண்டு.