மெதுவான காஸ்பலின் மும்மைப் பியானோ

சிகாகோவின் கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்த காஸ்பல் பாட்டில், 12/8 தாளத்தின் மெதுநடைதான் எனக்கு உயிர். ஒரு சுற்றுக்கு நான்கு அடி. அடிக்கு மூன்று சுரம், நம் ‘தகிட’ போல. நிமிடத்துக்கு அறுபது அடி போதும். மஹாலியா ஜாக்சனுக்கு மில்ட்ரெட் ஃபால்ஸ் வாசித்த பியானோவைக் கேட்டால், வலது கை மும்மைகள் எப்படி மூச்சு விடுகின்றன என்று புரியும்.

மூன்றையும் ஒரே கனத்தில் அடித்தால் தையல் இயந்திரம்தான். முதல் சுரம் ஊன்றி, நடுச்சுரம் மங்கி, மூன்றாவது அடுத்த அடிக்குள் சாய வேண்டும். வேகம் ஓடுகிறதா என்பதை இரண்டாம், நான்காம் அடிக் கைதட்டல் உடனே காட்டிக்கொடுக்கும்.

சி மேஜரில் எழுதும்போது இடது கையை இ, எஃப், எஃப் ஷார்ப், ஜி என அரை அரைப் படியாக ஏற்றுவேன். அந்த ஏற்றத்தின் மேல்தான் பாடகர் குழு எழும்ப முடியும். தனிக்குரலுக்குக் குழு தரும் முதல் பதில் எல்லாரும் ஒரே சுரத்தில், தணிவாக. இரண்டாவதில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர் எனப் பிரியும். மூன்றாவதில் தனிக்குரல் வரியை முடிக்குமுன்பே குழு நுழைந்துவிடும். அங்கே பியானோ மும்மையை விட்டு நீண்ட கார்டுகளுக்கு மாறாவிட்டால், சொற்கள் காதில் விழாது.