ஸ்பானிய மொழியில் பணிநிறைவு மடல்: மரபுகளும் அளவுகோல்களும்

நெடுங்காலம் உடன் பணியாற்றியவர் ஓய்வு பெறும்போது, ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் அவருக்கு இருவகை எழுத்துகள் அளிக்கப்படுவது வழக்கம். ஒன்று, நிறுவனத்தின் பெயரால் பொறிக்கப்படும் நினைவுப் பலகை. 'பிளாக்கா' எனப்படும் இதில் பெயர், பணிக்காலம், நன்றி ஆகியவை இரண்டு மூன்று வரிகளில் அடங்கிவிடும். மற்றொன்று, உடன் பணியாற்றியோர் ஒன்றுகூடி எழுதித் தனித்தனியே கையொப்பமிடும் மடல். நிறுவனம் பேசும் பலகையில் மரியாதை நடையும், குழு பேசும் மடலில் நெருக்க நடையும் இயல்பாக அமைவதால், முன்னதன் வாசகத்தை அப்படியே பின்னதில் பெயர்த்து வைத்தால் மடல் அலுவலக ஆணையைப் போல ஒலித்துவிடும்.

மடல் எழுதுவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது விளிப்பெயர். முன்னிலை ஒருமைக்கு நெருக்கத்தைக் காட்டும் 'தூ', மரியாதையைக் காட்டும் 'உஸ்தெத்', 'தூ'வின் இடத்தில் சில நாடுகளில் வழங்கும் 'வோஸ்' என மூன்று சொற்கள் இம்மொழியில் உள்ளன. ஸ்பெயினின் பணியிடங்களில் மேலதிகாரியைக்கூட 'தூ' என்று அழைப்பது பரவலாக இருப்பதால், அங்கே குழுவின் மடலில் 'உஸ்தெத்' வந்தால் அது விலகலாகவே தோன்றும். புவனஸ் அயர்ஸில் அதே நெருக்கத்தை 'வோஸ்' சுமக்கிறது. கொலம்பியாவின் மலைப்பகுதிகளிலோ நண்பர்களுக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும்கூட 'உஸ்தெத்' புழங்குவதால், ஒரு நாட்டில் குளிர்ச்சியாகப் படும் சொல் இன்னொரு நாட்டில் அன்பையே தெரிவிக்கிறது. ஆகவே இம்மரபில் எந்த விளி உயர்ந்தது என்பதைவிட, அந்த மனிதரை அக்குழு நாள்தோறும் எப்படி அழைத்ததோ அதுவே மடலிலும் நிற்கிறதா என்பதே முதல் அளவுகோலாகிறது.

இரண்டாவது அளவுகோல் இயைபு. 'உஸ்தெத்' பொருளால் முன்னிலையாயினும் இலக்கணத்தால் படர்க்கை வினைமுடிபையே ஏற்கும். அதனோடு 'உங்களுக்கு' என்னும் பொருளில் 'லே', 'உங்களுடைய' என்னும் பொருளில் 'ஸு' ஆகியவை வர வேண்டும். 'தூ' எனில் இவற்றின் இடங்களில் 'தே', 'து' ஆகியவை வரும். பலர் சேர்ந்து எழுதும் மடலில் ஒருவர் மரியாதையாகத் தொடங்க, மற்றொருவர் நெருக்கமாக முடிப்பதால் இவை கலந்துவிடுகின்றன. வினைமுடிபு, வேற்றுமைச் சொல், உடைமைச் சொல் ஆகிய மூன்றையும் தனியே ஒருமுறை படித்துப் பார்த்தால் இக்கலப்பு வெளிப்படும். 'வோஸ்' வழங்கும் இடங்களில் மட்டும் வினைமுடிபு மாறினாலும் 'தே', 'து' ஆகியவை மாறாமல் நிற்பதால், அங்கே அவற்றைப் பிழையெனக் கருதுவதற்கில்லை.

மூன்றாவது, எழுத்துமுறை. ஸ்பானிய அரச மொழிக்கழகம் 2010இல் வெளியிட்ட எழுத்திலக்கணத்தின்படி, விளித்தொடரை அடுத்து முக்காற்புள்ளி இட்டு, அடுத்த வரியைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். காற்புள்ளி இடுவது ஆங்கிலக் கடிதங்களின் சாயல் எனக் கொள்ளப்படுகிறது. உணர்ச்சிக்குறி தொடரின் முடிவில் மட்டுமன்றித் தொடக்கத்திலும் தலைகீழாக வர வேண்டும். வாழ்த்துத் தொடர்கள் 'கே' என்னும் சொல்லில் தொடங்கி, விருப்பத்தைக் குறிக்கும் வினைவடிவை ஏற்பதுண்டு. இந்தக் 'கே'யின் மேல் அழுத்தக்குறி கிடையாது. வினாவையும் வியப்பையும் குறிக்கும் 'கே'க்கே அக்குறி உண்டு; ஆனால் உணர்ச்சிக்குறிகளுக்கு நடுவே இரண்டும் ஒன்றாய்த் தோன்றுவதால், மடல்களில் மிகுதியாக நேரும் பிழைகளில் இதுவும் ஒன்றாகிறது.

இவை ஒருங்கே செயற்படுவதை ஒரு கற்பனை மடலைக் கொண்டு காணலாம். ஸ்பெயினில் ஒரு நூலகத்தின் பட்டியல் பிரிவிலிருந்து ஓர் அம்மையார் ஓய்வு பெறுகிறார்; குழுவின் முதல் வரைவு 'எஸ்திமாதா கொம்பாஞேரா' எனத் தொடங்கிக் காற்புள்ளி இடுகிறது, பின் 'லே' என நன்றி கூறி, 'து' என அவர் உழைப்பைக் குறிப்பிட்டு, அழுத்தக்குறியிட்ட 'கே'யுடன் மகிழ்ச்சியாக இருக்க வாழ்த்துகிறது. திருத்தத்தில் மதிப்பைச் சுட்டும் முதற்சொல்லுக்குப் பதிலாக அன்பைச் சுட்டும் 'கெரிதா' வருகிறது, காற்புள்ளி முக்காற்புள்ளியாகிறது, 'லே' 'தே' ஆகிறது, 'கே'யின் குறி நீங்குகிறது. மேலும் 'அயராத அர்ப்பணிப்பு', 'தகுதியான ஓய்வு' என எம்மடலிலும் வரும் தொடர்கள் விலக்கப்பட்டு, பட்டியல் அட்டைகளின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிவைத்த திருத்தங்களைப் பார்த்தே புதியவர்கள் வேலை கற்றார்கள் என்ற செய்தி ஒரே வாக்கியமாகச் சேர்க்கப்படுகிறது.

முடிப்பிலும் இதே நெறி தொடர்கிறது. அலுவல் கடிதத்துக்கு உரிய 'அதெந்தமெந்தே' இம்மடலுக்குப் பொருந்தாது. வலிய தழுவலைக் குறிக்கும் 'உன் ஃபுவேர்த்தே அப்ராசோ'வே வழக்கு. கீழே 'உன் தோழர்கள்' என்று ஒப்பமிடும்போது, ஆண்பால் பன்மையே இருபாலரையும் அடக்கும் என்பது மொழிக்கழகத்தின் நிலைப்பாடு. பெண்பாலையும் சேர்த்து இருமுறை எழுதுமாறு பல பொது நிறுவனங்களின் கையேடுகள் பரிந்துரைக்கின்றன. இரண்டில் எதைக் கொள்வது என்பதைக் கையொப்பமிடுவோர் தமக்குள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. ஏனெனில் அங்கே ஒப்பமிடுவது மொழிக்கழகமோ நிறுவனமோ அன்று, அந்தக் குழுவே.