தேநீர்க் கடைக்கு ஒரு போஸ்டர்

லினோகட் பாணி என்றால் எனக்குப் பைத்தியம். கத்தியால் செதுக்கிய மாதிரி முரட்டு ஓரம், கறுப்பும் ஒரே ஒரு செங்கல் நிறமும், அங்கங்கே மை படாத வெள்ளைக் கீறல்கள். தெரு நாடகத்துக்காக அப்படி ஒரு போஸ்டர் செய்தேன்: உயரத் தூக்கி டீ ஆற்றும் ஒரு கை, கீழே நாடகத்தின் பெயர் ‘தேநீர்க் கடை’. படத்தைவிட அந்த எழுத்துகளோடு கிடந்த நேரத்தைத்தான் இன்றும் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்கிறேன்!

அந்தப் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். ‘தே’வின் கொம்புக்கு மேலே ஒரு சுழி, அது அடைபட்டுவிட்டால் ‘தெ’. ‘நீ’யின் தலையில் இன்னொரு சுழி, அது அடைபட்டால் ‘நி’. ‘ர்’ என்ற எழுத்துக்குக் கீழே சாய்ந்த ஒரு சின்னக் கால். அது தேய்ந்தால் வெறும் துணைக்கால் மேல் புள்ளி வைத்தது போல ஆகிவிடும். நெடில் கொம்பின் மேல் சுழியை நமக்குத் தந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். போஸ்டர்காரர்கள் பலர் அதை மை ஊற்றி அடைத்துவிடுகிறார்கள். எப்படி? தடிமன் போதவில்லை என்று எழுத்தைச் சுற்றி ஒரு கோடு ஏற்றுவார்கள். கோடு வெளிப்பக்கம் மட்டுமா வளரும்? உள்ளேயும் வளர்ந்து சுழியை விழுங்கிவிடும்.

இங்கேதான் அனெக் தமிழ் என் மனத்தைக் கொள்ளைகொண்டது. மும்பையின் ஏக் டைப் குழு செய்த இலவச எழுத்துரு. ஒரே கோப்புக்குள் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாக நகர்த்தலாம். இங்க்ஸ்கேப்பில் `wght` அச்சை உச்சமான 800க்குத் தள்ளினேன். எழுத்து கொழுத்தது, சுழிக்குள் வெளிச்சம் அப்படியே நின்றது! எங்கே மெலிய வேண்டும் என்பதை வடிவமைத்தவர்களே யோசித்து வைத்திருக்கிறார்கள். அகலமும் அப்படித்தான். பிடித்து இழுத்தால் நிற்கும் கோடுகள் மட்டும் பருத்து எழுத்து கோணும். `wdth` அச்சை நகர்த்தினால் கோடுகளின் உறவு கெடுவதில்லை.

இடைவெளியில் இன்னொரு இன்பம். எல்லா எழுத்துக்கும் ஒரே அளவில் இடைவெளி ஏற்றினால், கொம்பு தன் ‘த’வை விட்டு விலகி நடுவில் அநாதையாக நிற்கக்கூடும். அதனால் அந்த வசதியை நான் தொடவே இல்லை. வார்த்தையை `Object to Path` கொடுத்து வடிவங்களாக்கி, கொம்பையும் ‘த’வையும் ஒரு குழு, புள்ளியையும் அதன் எழுத்தையும் ஒரு குழு என்று கட்டினேன். பிறகு குழுக்களைத்தான் நகர்த்தினேன், கண் அளவில். குழுவுக்குள் இருப்பதைவிடக் குழுக்களுக்கு நடுவே சற்றே கூடுதல் இடம். அவ்வளவுதான், வாய் தானாகப் படிக்கத் தொடங்கியது.

வரிகள் அடுக்கியபோது கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். மேல் வரியில் த, ந, ர மூன்றும் கோட்டுக்குக் கீழே வால் நீட்டுபவை. கீழ் வரியில் ‘கடை’; புள்ளியும் இல்லை, மேலே சுழியும் இல்லை, கிட்டத்தட்டத் தட்டையான தலை. வால்கள் அந்தத் தலைக்கு மேலே வாகாக இறங்கி உட்கார்ந்துகொண்டன. இரண்டு வரியும் ஒரே மரக்கட்டையில் செதுக்கியது போல் நெருங்கின! (இடம் மிச்சமாகும், அந்த ‘க்’கை எடுத்துவிடேன் என்றார் நாடக நண்பர். முடியாது என்றேன்.)

லினோகட்டில் எல்லாவற்றையும்விட ஆபத்து புள்ளிக்குத்தான். தாள் முழுக்க மைத் துளிகள் சிதறிக் கிடக்கும்போது எது மெய்யெழுத்தின் புள்ளி, எது அலங்காரத் துளி என்று கண் எப்படி அறியும்? ஆகவே மிகப் பெரிய துளியைவிடப் புள்ளியை இன்னும் பெரிதாக்கினேன். அதைச் சுற்றி ஒரு புள்ளி அகலத்துக்கு எந்தத் துளியும் விழாமல் துடைத்தேன். ஓரத்தை முரடாக்கும் விளைவை வெளி விளிம்புக்கு மட்டும் கொடுத்தேன். சுழிகளின் உள்வட்டத்துக்கும் ‘ர்’ரின் காலுக்கும் அது கிடையாது. வெள்ளைக் கீறல்களை ‘க’, ‘ட’ போன்ற அகன்ற உடம்புகள் மேல் தாராளமாக ஓட விட்டேன்.

சோதனைக்குச் சிறிய நகல் ஒன்றை அச்சடித்து எதிர்ச் சுவரில் ஒட்டி, நாடகத்தின் பெயரே தெரியாதவர்களைப் படிக்கச் சொன்னேன். படித்தவர்களின் ‘தே’ குறுகவில்லை, ‘நீ’ குறுகவில்லை. ஆஹா!

அச்சகத்துக்கு வடிவங்களாக்கிய PDF மட்டும் போனது. அங்கே பழைய தமிழ்க் குறியீட்டு எழுத்துருக்கள் இருந்தாலும் ஒரு கொம்புகூட இடம் மாறாது. தட்டச்சு செய்த மூலக் கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அடுத்த ஊருக்குத் தேதி மாற்ற வேண்டுமே.