எட்டாவது வாக்கியம்

திட்ட நிலை அறிக்கைகள் பெரும்பாலும் வேலை நடந்த வரிசையிலேயே எழுதப்படுகின்றன. எழுதுகிறவர் அந்த வாரத்தைக் கடந்து வந்தது அப்படித்தான். படிக்கிறவரோ இரண்டு கூட்டங்களுக்கு நடுவில், லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனில் படிக்கிறார். அதனால் இடையில் ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்தை மூன்று வரியாக்கி மேலே அனுப்புகிறார். இந்த வேலையில் நன்மை எது, ஆபத்து எது என்று பார்க்க ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு தொழிற்சாலை சம்பளக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுகிறது. மார்ச் 6ஆம் தேதி வந்த அறிக்கை இது:

"திங்கள்கிழமை வெண்டரோடு பேசினோம். டேட்டா மாற்றும் வேலை 80 சதவீதம் முடிந்துவிட்டது. சோதனையில் 14 பிழைகள் வந்தன, 11 சரியாகிவிட்டன. புதன்கிழமை சர்வர் இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை, ஐ.டி. பிரிவு உடனே கவனித்தது, அவர்களுக்கு நன்றி. மீதிப் பிழைகளில் ஒன்று ஒப்பந்தத் தொழிலாளர்களின் பி.எஃப். பிடித்தம் பற்றியது. வெண்டர் அதைப் பிழை என்று ஒப்புக்கொள்ளாமல் கூடுதல் வேலை என்கிறார், 6 லட்சம் கேட்கிறார். பேசிக்கொண்டிருக்கிறோம். பி.எஃப். கணக்கைச் சரிபார்ப்பவர் மகள் கல்யாணத்துக்காக மார்ச் 30 வரை விடுப்பில் இருக்கிறார். பயிற்சிக் கையேடு தயார். ஏப்ரல் 1 இலக்கை எட்டிவிடலாம் என்று நம்புகிறோம்."

சுருக்கத் தெரிந்தவர் இதில் முதலில் தேடுவது, மேலே இருப்பவர் முடிவெடுக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். இருக்கிறது, 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த 6 லட்சத்துக்குத் திட்டத் தலைவரால் கையெழுத்துப் போட முடியாது. கேட்கவும் கூச்சம். அப்படிப்பட்ட இடத்தில்தான் அறிக்கைகள் வழவழவென்று ஆகும். சுருக்குகிறவர் வெண்டருக்கு ஒரு போன் போட்டு, ஒப்புதல் கிடைத்த பிறகு இரண்டு வாரம் ஆகும் என்று தெரிந்துகொள்கிறார். பிறகு இப்படி எழுதுகிறார்:

"ஏப்ரல் 1 தொடக்கம் சாத்தியம். அதற்கு மார்ச் 13க்குள் வெண்டருக்கு 6 லட்சம் ரூபாய் ஒப்புதல் தேவை. இல்லையென்றால் ஒப்பந்தத் தொழிலாளர் பி.எஃப். பிடித்தத்தை எக்செலில் கையால் போட வேண்டியிருக்கும்."

பார்க்க நன்றாகவே இருக்கிறது. 80 சதவீதம் போய்விட்டது, போக வேண்டியதுதான். மீதி 20 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாத சதவீதத்தால் யாருக்கும் பயனில்லை. போன வார அறிக்கையிலும் அதே 80 இருந்ததா என்று ஒருமுறை பார்ப்பது மட்டும் நல்லது. சர்வரும் நன்றியும் போய்விட்டன. கூச்சத்தில் புதைந்திருந்த கோரிக்கை தேதியோடும் தொகையோடும் வெளியே வந்துவிட்டது. சுருக்கத்தின் பெரிய பலம் இதுதான். நேரம் மிச்சமாவதை நான் இரண்டாவதாகவே வைப்பேன். கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அது உண்டாக்குகிறது.

இப்போது எட்டாவது வாக்கியத்துக்கு வருவோம். கல்யாண விடுப்பு என்பதால் அது சுருக்கத்தில் அடிபட்டுப் போனது. சர்வர், நன்றி, கல்யாணம் எல்லாம் ஒரே கூடையில் விழுந்துவிட்டன. ஆனால் மார்ச் 13 அன்று பணம் கொடுத்து, 27 அன்று வெண்டர் முடித்துத் தந்தாலும், சரிபார்க்க வேண்டியவர் 30ஆம் தேதி வரை இல்லை. அவசரப்பட்டுக் கொடுத்த ஒப்புதல் வெறுமனே காத்துக் கிடக்கும். இன்னும் ஒன்று. ஏப்ரல் 1 அன்று மென்பொருள் தொடங்கினாலும் ஏப்ரல் சம்பளம் மாதக் கடைசியில்தான் போடப்படும். அந்த மாத பி.எஃப். தொகையைக் கட்ட மே 15 வரை அவகாசம் உண்டு. ஒப்புதலை ஏப்ரல் 5 வாக்கில் கொடுத்தாலும் வேலை 19ஆம் தேதி முடியும், சரிபார்க்கப் பத்து நாள் கிடைக்கும். ஆக, வெண்டரிடம் விலை பேசக் கிட்டத்தட்ட ஒரு மாதம் இருக்கிறது. சுருக்கம் அந்த ஒரு மாதத்தை ஒரு வாரமாக்கிவிட்டது. அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் மேலிடத்தைத் தேவையில்லாத அவசரத்துக்குள் தள்ளுகிறது.

சுருக்குகிறவரின் எழுத்துத் திறமையில் குறை சொல்ல முடியாது. சம்பளக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரியாதவருக்கு எட்டாவது வாக்கியம் வீட்டு விசேஷம்தான். இந்த வேலையைப் பல இடங்களில் ஆங்கிலம் நன்றாக எழுத வருகிறவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். கணக்குப் பிரிவில் நாலு வருஷம் இருந்தவரிடம் கொடுத்திருந்தால் வாக்கியம் கொஞ்சம் தடுமாறியிருக்கும், தேதி தப்பியிருக்காது.

இதைவிட நுணுக்கமான சேதம் ஒன்றும் நடந்திருக்கிறது. 'நம்புகிறோம்' என்பது 'சாத்தியம்' ஆகிவிட்டது. அடுத்த படியில் இன்னொருவர் பத்துத் திட்டங்களை ஒரே பக்கத்தில் அடைக்கும்போது அது ஒரு பச்சைப் புள்ளியாகிவிடும். ஒவ்வொரு படியிலும் முதலில் உதிர்வது சந்தேகம்தான்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி 2003இல் சிதறிய கொலம்பியா விண்ணோடம். ஜனவரி 16 அன்று அது கிளம்பிய சுமார் 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே போயிங் பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டுப் படவில்லைகளில் தந்தார்கள். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே சாய்கின்றன என்று தைரியம் சொல்லும் தொனியில் இருந்தது. அதே வில்லையின் அடியில், சின்ன எழுத்தில், மோதிய துண்டின் அளவு 1,920 கன அங்குலம், சோதனை செய்த துண்டு 3 கன அங்குலம் என்று இருந்தது. அதாவது 640 மடங்கு. அந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதே அந்த வில்லையின் உண்மையான செய்தி. அது தலைப்புக்கு ஏறவில்லை. பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும் வழியில் ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். விபத்தை ஆராய்ந்த குழு தன் அறிக்கையில் இந்த வில்லையைத் தனியாக எடுத்து அலசியது. விபத்துக்கு வில்லை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இறக்கையைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற பொறியாளர்களின் கோரிக்கையையும் மேலாளர்கள் முன்னெடுக்கவில்லை. ஆனால் முக்கியமான எண் தாளில் இருந்தும் கண்ணில் படாமல் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் முழுதாகப் படிக்கச் சொல்வதா பதில்? நடக்காது. முப்பது பக்கம் அனுப்பினால் மேலே இருப்பவர்கள் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வைத்துவிடுவார்கள், எதை விடுவது என்பதைத் தற்செயல் தீர்மானிக்கும். அதற்குத் தெரிந்தவர் ஒருவர் தேர்ந்தெடுப்பதே மேல்.

எனக்குப் படும் வழி சின்னது. சுருக்கத்தை மேலே அனுப்புவதற்கு முன் மூல அறிக்கை எழுதியவருக்குத் திருப்பிக் காட்ட வேண்டும். அவரிடம் "சரியா?" என்று மட்டும் கேட்டால் "சரி" என்று சொல்லிவிடுவார், அல்லது விட்டதையெல்லாம் திரும்பச் சேர்த்து ஒரு பக்கமாக்கிவிடுவார். "இதைப் படித்துவிட்டு மேலே இருப்பவர் தப்பான முடிவெடுத்தால், எந்தத் தகவல் இல்லாததால் எடுத்திருப்பார்? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். நம் உதாரணத்தில் வரக்கூடிய பதில்: "சரிபார்ப்பவர் 30ஆம் தேதிக்குப் பிறகுதான் வருவார், அதனால் இப்போதே பணம் கொடுத்துப் பயனில்லை." அதை நான்காவது வரியாகச் சேர்த்தால் இரண்டாவது வரியின் தேதியையும் மாற்ற வேண்டிவரும். இதற்கு அரை மணி நேரம் போகும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அந்த அரை மணி பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட நாளில் 'சாத்தியம்' என்பதை அடித்துவிட்டு 'திட்டத் தலைவர் நம்புகிறார், இன்னும் சரிபார்க்கவில்லை' என்று எழுதி அனுப்பலாம்.