வாசலைப் படமெடுத்து அனுப்புங்கள்

மார்கழி பாதி தாண்டியதும் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைக் கண்ணாடிகளில் ஒரு நோட்டீஸ் ஏறும். வாசகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “பொங்கல் வாசல் அலங்காரப் போட்டி. எங்கள் வாடிக்கையாளர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். வாசலைப் படமெடுத்து, பில் நம்பரோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் அதிக லைக் வாங்கும் படத்துக்குப் பரிசு.” படித்தால் எல்லாம் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தால் அந்தத் தெளிவு நிற்பதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோலப் போட்டி என்றாலே மயிலாப்பூர் வடக்கு மாட வீதிதான் நினைவுக்கு வரும். மயிலாப்பூர் திருவிழாவில் தெருவிலேயே கட்டம் போட்டுக் கொடுத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்கார வைப்பார்கள். அங்கே போக வடசென்னைப் பெண்ணுக்கு அரை நாள் வேண்டும், பஸ் செலவு வேண்டும், நாலு பேர் பார்க்க உட்காரும் துணிச்சலும் வேண்டும். புகைப்படப் போட்டி இந்த மூன்றையும் கேட்பதில்லை. தன் வாசலில், தன் நேரத்தில் போட்ட கோலமே போதும். காசிமேட்டு மீனை வாங்கி விற்க விடியுமுன் கிளம்புகிறவர், இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் திரும்புகிறவர் ஆகியோரும் கலந்துகொள்ள முடிகிறது. ‘கோலம்’ என்று குறுக்காமல் ‘வாசல் அலங்காரம்’ என்று எழுதியதும் நல்ல முடிவு. ராயபுரத்தில் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய நட்சத்திரம் பல வீடுகளில் பொங்கல் வரை தொங்கும். அந்த வீட்டுக்காரரும் தயங்காமல் படம் அனுப்பலாம்.

ஆனால் மாட வீதியில் கட்டம் செய்த ஒரு வேலை இங்கே காணாமல் போகிறது. அங்கே எல்லோருக்கும் தரை ஒன்று, அளவு ஒன்று, வெளிச்சம் ஒன்று. இங்கே ஒருவருக்குக் கார் நிற்கும் அளவு சிமென்ட் முற்றம், இன்னொருவருக்குக் குடியிருப்பு வாரியக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், நாலு வீட்டுக்குப் பொதுவான நடையில் இரண்டு அடி. குப்பத்து வீட்டில் வாசற்படி இறங்கினால் அதுவே சந்து. அரிசி மாவு உலருமுன் யாராவது பைக்கை உருட்டிக்கொண்டு போவார்கள். எல்லாப் படங்களையும் ஒரே வரிசையில் வைத்தால் முற்றம்தான் ஜெயிக்கும், கை அல்ல. இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ‘நாலு அடிக்குள் அடங்கும் வாசல்’, ‘அதற்கு மேற்பட்டது’ என்று இரண்டு பிரிவாக்கி, இரண்டுக்கும் ஒரே தொகை வைத்தால் போதும். சின்ன வாசலுக்கு ஆறுதல் பரிசு என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.

அடுத்தது லைக். லைக் எண்ணுவது கோலத்தை அளப்பதல்ல, சொந்தக்காரர்களை எண்ணுவது. கடைக்காரருக்கு அது லாபம்தான். போட்டியாளர் ஒவ்வொருவரும் தன் ஆட்களை அந்தப் பக்கத்துக்கு இழுத்து வருவார். நல்ல கோலம் போட்டும் உறவு வட்டம் சிறிதானவர் முதல் நாளே தோற்றுவிடுவார். ‘இந்தப் பதிவை உங்கள் பக்கத்தில் ஷேர் செய்தால்தான் சேர்த்துக்கொள்வோம்’, ‘மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள்’ என்ற நிபந்தனைகளும் கூடவே வரும். ஃபேஸ்புக்கின் சொந்த விதிகளே இதை அனுமதிப்பதில்லை. மூன்று நடுவர்கள் போதும். அவர்களில் ஒருவராவது கடையைச் சேராதவராக இருக்க வேண்டும். பெயரை மறைத்து, படங்களுக்கு எண் மட்டும் கொடுத்து அவர்களிடம் தர வேண்டும்.

போன வருடப் படத்தையோ, இணையத்தில் இறக்கியதையோ அனுப்பினால் எப்படிக் கண்டுபிடிப்பது? எடுத்த நேரம் படத்துக்குள் பதிந்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப் போகும், அந்தக் குறிப்பும் உதிர்ந்துவிடும். மாவுக் கோலத்தின் மெல்லிய இழைகளும் மங்கிவிடும். அதனால் படத்தை ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்ல வேண்டும். அதைவிட உறுதியான வழி, போகிக்கு முதல் நாள் மாலை ஒரு சொல்லை அறிவித்து, அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கோலத்தின் ஓரத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்வது. செலவில்லாத இந்தச் சீட்டைப் பழைய படத்தில் நம்பும்படி ஒட்டுவது எளிதல்ல.

இனி எனக்கு அதிகம் உறுத்தும் வரி: ‘எங்கள் வாடிக்கையாளர்கள் மட்டும்.’ அகில இந்தியப் பரிசுத் திட்டங்களின் அடியில் பொடி எழுத்தில் ‘தமிழ்நாட்டில் செல்லாது’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம்தான் அதற்குக் காரணம். கடையில் பொருள் வாங்கியவர்களிலிருந்து குலுக்கல் மூலமோ ‘வேறு எந்த முறையிலோ’ சிலரைத் தேர்ந்தெடுத்துப் பரிசு தருவதை அது தடுக்கிறது. திறமைக்குத் தரும் பரிசு இதில் வராது என்று ஒரு வழக்கறிஞர் வாதிடலாம். பில் நம்பர் கேட்ட பிறகு அந்த வாதம் இளைத்துவிடும். ‘யாரும் கலந்துகொள்ளலாம், எதுவும் வாங்கத் தேவையில்லை’ என்று எழுதினால் இந்தச் சிக்கலே எழாது. கடைக்கும் நஷ்டமில்லை, படம் அனுப்புகிறவர் எப்படியும் கடையின் பெயரைப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.

பரிசும் அப்படித்தான். ‘5,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 ரூபாய் கழிவு’ என்ற கூப்பன் பரிசல்ல, வாங்கச் சொல்லி நீட்டும் அழைப்பு. ரொக்கமாகவோ, நிபந்தனையில்லாத கூப்பனாகவோ கொடுங்கள். முடிவை எந்தத் தேதியில், எங்கே அறிவிப்போம் என்பதையும் நோட்டீஸிலேயே எழுத வேண்டும். முடிவை மறைப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

‘படங்கள் அனைத்தும் கடைக்கே சொந்தம்’ என்று ஒரு வரி சேர்க்கிறார்களே, அதற்குச் சட்டத்தில் அவர்கள் நினைக்கும் பலம் இல்லை. புகைப்படத்தின் உரிமை முதலில் எடுத்தவருடையது. அதை மாற்றித்தர அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கோலம் போட்டது அம்மா, படமெடுத்தது மகன். நோட்டீஸில் அம்மாவின் பெயரைக் கேட்க இடமே விட்டிருக்க மாட்டார்கள். ‘கோலம் போட்டவர்’, ‘படமெடுத்தவர்’ என்று இரண்டு வரி விட்டு, இந்த ஒரு பண்டிகைக்கு மட்டும் படத்தை வெளியிட அனுமதி கேட்டால் முடிந்தது. கதவு எண் தெரியாமல் எடுக்கச் சொல்வதும் நல்லது. பண்டிகைக்கு ஊருக்குப் போகிற வீடுகள் நிறைய.

மதிப்பெண் பட்டியலைப் பற்றி ஒன்று. ‘வாசல் தூய்மை: 10’ என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து எண்ணெயும் கலந்து வந்து பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது. வீடுகளுக்குள்ளும் புகுந்தது, சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிய, மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அடுத்த மூன்று வாரத்தில் பொங்கல். அந்தச் சுவருக்குக் கீழே ஒருவர் அரிசி மாவு எடுத்துப் புள்ளி வைத்துப் படம் அனுப்பியிருந்தால், தூய்மைக்கான பத்தில் நடுவர் எத்தனை போட்டிருப்பார்?