ஒரு விடுப்புக் கடிதத்தின் 'பொருள்' வரி

உதவிப் பேராசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர், துணைவேந்தருக்கு எழுதிய கடிதத்தைப் படிக்கக் கொடுத்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பத்து மாதம் வருகைதரு ஆய்வாளராக இருக்க விடுப்பு வேண்டுமாம். அழைப்பு வந்த பெருமைக்கே இரண்டு பத்தி. ஆனா கோளாறு அதுக்கு முன்னாடி, 'பொருள்' வரியிலேயே இருக்கு. 'சபாட்டிகல் விடுப்பு' என்று போட்டிருக்கிறார்.

யூஜிசியின் 2018 விதிமுறைப்படி (அவர் பல்கலையும் அதைத்தான் பின்பற்றுகிறது) சபாட்டிகல், இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ 7 ஆண்டு முடித்தவர்களுக்கு. இவருக்கு மொத்த சர்வீஸே 5 வருஷம். கேட்டிருக்க வேண்டியது ஸ்டடி லீவ். அதற்கு 3 ஆண்டு தொடர்பணி போதும். பிஎச்டி படிக்கத்தான் அதுன்னு பலர் நினைக்கிறாங்க. பணியோடு நேரடித் தொடர்புள்ள ஆய்வுக்கும் உண்டு.

துணைவேந்தருக்கு முன்னால் கோப்பைப் பார்ப்பவர் அலுவலக எழுத்தர். அவருக்கு வேண்டியது விடுப்பு வகை, தேதிகள், பணியில் சேர்ந்த நாள். சேர்ந்த நாள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. 'தகுதி இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கோப்பைத் திருப்பிவிடுவார். அதற்குள் விசா வேலைகளுக்கான நாட்கள் கரைந்துவிடும்.

கடிதத்தில் எனக்குப் பிடித்தது, தன் இரண்டு பாடங்களையும் யார் எடுப்பார்கள் என்று சொல்லும் வரி. திரும்பி வந்து 3 ஆண்டு பணியாற்றும் பத்திரத்துக்குத் தயார் என்பதையும் அதோடு சேர்த்திருக்கலாம். எப்படியும் கேட்கத்தான் போறாங்க.