அடிமனையும் சிபில் ஸ்கோரும்

கடன் கிடைக்காவிட்டால் சிபில் ஸ்கோரை ஏற்றிக்கொண்டு மறுபடி விண்ணப்பியுங்கள் என்ற ஆலோசனை இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. தனிநபர் கடனுக்கு அது பொருந்தும். பாக்கியை அடைத்தால் பலன் உண்டு. அறிக்கையில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டியும் 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. ஆனால் வீட்டை அடமானம் வைத்துக் கேட்கும் கடனுக்கும் இதே மருந்தைச் சொல்வது தவறு. ஸ்ரீரங்கத்தில் அது ஆளை அலைக்கழிக்கும் யோசனை.

உத்திர வீதியில் பழைய வீடு ஒன்று, உரிமையாளருக்கு மாதம் 60,000 ரூபாய் சம்பளம், ஸ்கோர் 780 என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சம் கேட்கிறார்; 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குத் தவணை சுமார் 18,000 வரும். வருமானம் தாங்கும். 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழும் சுத்தம். ஆனாலும் மறுக்கப்படுகிறார். வில்லங்கச் சான்றிதழ் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும்; மனை யாருடையது என்பதை அது தீர்மானிக்காது. ஊரின் 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தன்னுடையது என்று அரங்கநாதர் கோயில் கோருகிறது. அடிமனைப் பிரச்சினை என்று ஊரார் சொல்வது இதைத்தான். நகர நில அளவைப் பதிவேட்டில் கோயில் பெயர் இருந்தால் வங்கி வழக்கறிஞர் அங்கேயே நிறுத்திவிடுவார். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி, அறநிலையத்துறையின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தின் விற்பனையையும் அடமானத்தையும் பதிய முடியாது. ஆகவே முதலில் வேண்டியது வார்டு, பிளாக், நகர அளவை எண்ணோடு அந்தப் பதிவேட்டு நகல். 1963 இனாம் ஒழிப்புச் சட்டத்தின்படி முன்னோருக்குப் பட்டா வழங்கிய உத்தரவு இருந்தால் அதன் சான்றிட்ட நகலும் வேண்டும். இவை இல்லாமல் ஐந்து வங்கி ஏறினால் ஐந்து விசாரணைப் பதிவுகள் அறிக்கையில் ஏறும். நல்ல ஸ்கோரும் இறங்கும்.

வங்கி தன் பணத்தைக் காக்கிறது, அதில் என்ன குற்றம் என்பார்கள். மறுப்பதில் குற்றமில்லை, ஏலம் விட முடியாத சொத்தை யாரும் அடமானமாக ஏற்க மாட்டார்கள். காரணத்தை மறைப்பதுதான் குற்றம். மறுப்பின் முக்கியக் காரணங்களை எழுத்தில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. 2007 முதல் எல்லா அளவுக் கடனுக்கும் அது பொருந்தும். ஆனால் 'வங்கி விதிகளுக்கு உட்படவில்லை' என்ற ஒற்றை வரிதான் பல நேரம் கைக்கு வருகிறது. சட்டக் கருத்துக்குக் கட்டணம் கட்டியவருக்கு அந்தக் கருத்தின் நகலைக் காட்டுவதில்லை. தலைமுறையாக வீட்டுவரி கட்டும் குடும்பத்தை இந்த மறைப்பு ஸ்கோர் ஏற்றும் வேலைக்குத் துரத்துகிறது. இதை நடைமுறை என்று ஏற்க முடியாது. மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வழக்கறிஞர் கருத்தின் நகலையும் கேளுங்கள். அவை கைக்கு வரும்வரை அடுத்த வங்கிக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.